கிட்டங்கித் தாம்போதிப் படம் இன்றையதா? மூலச்சான்று வழியில் தொலைந்துபோகாமல் காப்பது

மாரி பிறந்தால் கிட்டங்கித் தாம்போதியின் படமும் கூடவே வந்துவிடும். கல்முனைப் பக்கத்தையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, யாரும் போகாதீர்கள் என்று ஒரு வரியும் இருக்கும். படம் மெய்யான படம்தான். எந்த வருடத்துப் படம் என்பதுதான் கேள்வி. போன வருடப் படத்தை இன்றையது என்று போட்டால் சவளக்கடைக்குப் போக வேண்டியவர் வீணாகச் சுற்றிப்போவார். இன்றைய படத்தைப் பழசு என்று தள்ளிவிட்டால் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு தண்ணீருக்குள் இறங்குவார். அதே படத்தில் ஒரு முதலையை வைத்துவிடுவதும் இப்போது ஒரு நிமிட வேலை.

கையெழுத்திட்ட மூலத்தரவு இந்த இடத்தில்தான் உதவுகிறது. அடோபி, ஆர்ம், பிபிசி, இன்டெல், மைக்ரோசாப்ட், ட்ரூபிக் ஆகியவை 2021இல் சேர்ந்து தொடங்கிய சி2பிஏ என்ற கூட்டமைப்பு அதற்கான பொது முறையை வகுத்தது. திரையில் இதை Content Credentials என்ற பெயரில் காண்பீர்கள். இங்கே மூலச்சான்று என்றே சொல்வோம். செய்திப் பக்கம் நடத்துவோர், பிரதேச செயலகத்துக்கு வெள்ளப் படம் அனுப்பும் சங்கத்தார், கிராமத்து வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்வோர் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கமரா படத்தை எடுத்தவுடன் அந்தக் கோப்பின் பைட்டுகள் முழுவதையும் கணக்கிட்டு ஒரு ஹாஷ் எண்ணை உருவாக்குகிறது. எந்தக் கருவி, எப்படி உண்டான படம், என்ன செய்யப்பட்டது என்ற குறிப்புகளை அந்த எண்ணோடு சேர்த்து, தன் இரகசியச் சாவியால் கையெழுத்திட்டு, கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது. பிறகு ஒரு பைட் மாறினாலும் கணக்கு ஒத்துவராது. கையெழுத்திட்டவர் யார் என்பதற்கு ஒரு சான்றிதழ் இருக்கும். கையெழுத்து எப்போது வைக்கப்பட்டது என்பதற்குத் தனியான நேர முத்திரையும் சேர்ந்திருக்கலாம். எடுத்த நேரம், இடம் முதலியவற்றைப் போன் படக் கோப்புக்குள் எழுதிவைக்கும் குறிப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர். போனின் மணிக்கூட்டைக் கையால் பின்னுக்குத் திருப்பி அந்த எக்ஸிஃப் நேரத்தை ஏமாற்றலாம். நேர முத்திரையை அப்படி ஏமாற்ற முடியாது.

இதைச் செய்யும் கருவிகள் இன்னும் குறைவு. கமராக்களில் லைக்கா எம்11-பி 2023இல் முதலாவதாக வந்தது. போன்களில் கூகுள் பிக்சல் 10 தன் சொந்தக் கமராச் செயலியால் எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் படத்திலும் மூலச்சான்றை வைக்கிறது. சிக்னல் இல்லாத நேரத்திலும் அதனால் நேர முத்திரை வைக்க முடியும் என்பது வெள்ள நாட்களில் பெரிய உதவி, ஏனென்றால் முதலில் விழுவது டவர்தான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் கையில் இருப்பது இந்த வசதி இல்லாத போன்கள். அவற்றுக்கான வழியைப் பின்னால் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். நாவிதன்வெளிக்காரர் ஒருவர் டிசம்பர் 13 காலையில் கிட்டங்கியில் பிக்சல் 10ஆல் ஒரு படம் எடுக்கிறார். அதே காட்சி மத்தியானத்துக்குள் மூன்று கோப்புகளாகச் செய்திப் பக்கத்துக்கு வந்து சேருகிறது. முதலாவது, ஒரு குழுவில் இருந்து முன்னனுப்பிய `IMG-20251213-WA0031.jpg`, 212 கிலோபைட். இரண்டாவது, எடுத்தவரே அனுப்பிய `PXL_20251213_010522418.jpg`, 4.1 மெகாபைட். மூன்றாவது, தாம்போதியின் நடுவில் முதலை படுத்திருக்கும் ஒன்று. அதுவும் 200 கிலோபைட் அளவுதான்.

முதலாவதில் எந்தச் சான்றும் இராது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி மறுபடி எழுதுகிறது. அப்போது மூலச்சான்றும் எக்ஸிஃபும் சேர்ந்தே போய்விடும். HD என்பதைத் தெரிவுசெய்தாலும் சுருக்கம் குறையுமே தவிர, மறுபடி எழுதுவது நிற்காது. இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. பெயரில் உள்ள `20251213` என்பதைப் படம் எடுத்த திகதி என்று நம்பிவிடுவார்கள். அது அந்தப் படம் அந்தப் போனுக்கு வந்து சேர்ந்த திகதி. 2019ஆம் ஆண்டு வெள்ளப் படத்தை இன்றைக்கு யாராவது அனுப்பினாலும் இன்றைய திகதியோடுதான் வந்து உட்காரும். பெயரின் நடுவில் `WA` என்ற எழுத்துகளைக் கண்டால் திகதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது கோப்பில்தான் வேலை இருக்கிறது. அது உருப்படியாக வந்ததற்குக் காரணம், அனுப்பியவர் அதைக் கோப்பாக அனுப்பியதுதான். படம் கேட்கும்போது இதைச் சொல்லிவிட வேண்டும்: "தம்பி, கெலரியில இருந்து நேர அனுப்பாதீங்க. வாட்ஸ்அப்பில பின்னைத் தொட்டு, Document எண்டு இருக்கிறத எடுத்து, அதுக்குள்ளால படத்தத் தெரிஞ்சு அனுப்புங்க. ஒண்டும் வெட்டாதீங்க, வெளிச்சம் கூட்டாதீங்க. எடுத்தபடி வேணும்." இவ்வளவும் சொல்லியும் அரைவாசிப் பேர் முதல் தடவை பழையபடியே அனுப்புவார்கள். வந்தவுடன் அளவைப் பாருங்கள். போனில் எடுத்த படம் வழக்கமாகச் சில மெகாபைட் இருக்கும். சில நூறு கிலோபைட்தான் என்றால் அது மூலக்கோப்பு இல்லை, திரும்பக் கேளுங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு அனுப்பினாலும், மின்னஞ்சலில் இணைத்தாலும் கோப்பு மாறாது. ஐபோன் மெயில் அனுப்பும்போது அளவு கேட்டால் Actual Size என்பதைத் தொட வேண்டும்.

கோப்பு வந்ததும் அதைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வேறு கோப்புறையில் வையுங்கள். பரிசோதனை எல்லாம் பிரதியில்தான். இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் கோப்பின் Properties பகுதியில் ஒரு நட்சத்திர மதிப்பீடோ தலைப்போ போட்டால் அது கோப்புக்குள்ளேயே எழுதப்படும். படத்தின் ஒரு புள்ளிகூட மாறியிராது, ஆனால் பைட் மாறிவிட்டது, கையெழுத்து முறிந்துவிட்டது. புகைப்பட மென்பொருளில் திருப்பிச் சேமிப்பது, எடுத்தவர் பெயரை உள்ளே எழுதுவது எல்லாம் இதே கதைதான்.

சான்றைப் பார்ப்பதற்கு இலகுவான வழி `contentcredentials.org/verify` பக்கத்தில் கோப்பை இடுவது. கணினியில் வேலை செய்பவர்களுக்கு `c2patool` என்ற இலவசக் கட்டளைக் கருவி இருக்கிறது:

```
c2patool PXL_20251213_010522418.jpg
```

வெளியீடு நீளமாக வரும். மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். `signature_info` என்ற பகுதியில் கையெழுத்திட்டவர் யார், எந்த நேரம் என்று இருக்கும். `actions` என்பதில் என்ன நடந்தது என்று இருக்கும். எடுத்த படியே என்றால் `c2pa.created` என்பதும், வெட்டியிருந்தால் `c2pa.cropped` என்பதும் வரும். மூன்றாவது, பரிசோதனை முடிவைச் சொல்லும் `validation` என்று தொடங்கும் பகுதி.

நேரத்தை வாசிப்பதில் நிதானம் வேண்டும். `c2patool` காட்டும் கையெழுத்து நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். பிக்சல் போனின் கோப்புப் பெயரும் அப்படித்தான். எங்கள் படத்தின் பெயரில் `010522` என்று இருக்கிறது. "இரவு ஒரு மணிக்கு எடுத்த படத்தில் எப்படி வானம் வெளுத்திருக்கிறது, பொய்ப் படம்" என்று யாராவது சொல்லிவிடக்கூடும். அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள், காலை 6:35 வரும். மார்கழி மாதத்தில் கிழக்கில் அந்நேரம் சூரியன் எழுந்திருக்கும். படத்தில் நிழல் நீளமாக விழுந்திருந்தால் அதுவும் பொருந்தும். இன்னொன்று: நம் நேரப்படி அதிகாலை 5:30க்கு முன் எடுத்த படத்துக்கு யூடிசியில் முந்தைய நாள் திகதி வரும். திகதி ஒரு நாள் முந்தியிருக்கிறதே என்று கோப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து எக்ஸிஃப் நேரத்தைக் கையெழுத்து நேரத்தோடு ஒப்பிடுங்கள். மணி வித்தியாசத்தைக் கழித்த பிறகு இரண்டுக்கும் சில வினாடிகள்தான் இடைவெளி இருக்க வேண்டும். எக்ஸிஃபும் ஹாஷ் கணக்குக்குள் வருவதால், கையெழுத்துக்குப் பின் யாரும் இடத்தையோ நேரத்தையோ மாற்றியிருந்தால் சான்று முறிந்திருக்கும். முறியவில்லை என்றால், எடுத்த கணத்தில் போன் எழுதிய அதே எக்ஸிஃப் அது. போனே தவறான இடத்தைக் குறித்திருக்கலாமா என்றால், ஆம், அது வேறு விடயம்.

முடிவுப் பகுதியில் இரண்டு வரிகளைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

```
assertion.dataHash.mismatch
signingCredential.untrusted
```

முதல் வரிக்குப் பொருள், கையெழுத்துக்குப் பிறகு கோப்பு மாறியிருக்கிறது என்பது. என்ன மாறியது, யார் மாற்றினார், கெட்ட நோக்கமா என்று அது சொல்லாது. நட்சத்திர மதிப்பீடு போட்ட படத்துக்கும் முதலை ஒட்டிய படத்துக்கும் ஒரே வரிதான் வரும். ஆகவே இதைக் கண்டால் "போலி" என்று எழுதாதீர்கள். எடுத்தவரிடம் மூலக்கோப்பைத் திரும்பக் கேளுங்கள். அது அவர் போனில் இன்னும் இருக்கும்.

இரண்டாவது வரிக்குப் பொருள், கணக்கு சரி, ஆனால் கையெழுத்திட்டவரின் சான்றிதழ் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்பது. `c2patool`இடம் நம்பிக்கைப் பட்டியலைக் கொடுக்காமல் ஓட்டினால் நல்ல கையெழுத்துக்கும் இப்படி வரக்கூடும். அதனால் இணையப் பக்கத்திலும் ஒரு தடவை பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் கவனம் வேண்டும். அந்தக் கருவியோடு ஒரு பரிசோதனைச் சான்றிதழ் இலவசமாகவே வருகிறது. யார் வேண்டுமானாலும் அதைக் கொண்டு எந்தப் படத்துக்கும், எந்தப் பெயரிலும் கையெழுத்து வைக்கலாம். உள்ளே பெரிய செய்தி நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. பெயரை எழுதுபவர் ஒருவர், சான்றிதழுக்குச் சொந்தக்காரர் வேறொருவராக இருக்கலாம்.

முதலைப் படத்துக்கு வருவோம். அதைச் செய்தவர் மூலச்சான்றை மதிக்கும் செயலியில் செய்து, கோப்பாக அனுப்பியிருந்தால் இரண்டு அடுக்குச் சான்று கிடைத்திருக்கும். கீழடுக்கில் கமராவின் மூலப்படம், மேலடுக்கில் திருத்தமும் `compositeWithTrainedAlgorithmicMedia` என்ற சொல்லும் வந்திருக்கும். கமராப் படத்துக்குள் செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கிய பகுதி கலந்திருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் ஏமாற்ற நினைப்பவர் அப்படி அனுப்பமாட்டார். ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் எல்லாம் போய்விடும். எங்களுக்கு வந்ததும் அப்படியான சின்னக் கோப்புத்தான்.

இங்கே மூலச்சான்று போலியைப் பிடித்துத் தருவதில்லை. மெய்யான படத்தை எழுந்து நிற்க வைக்கிறது. இரண்டாவது கோப்பையும் முதலைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீர்ச்சுழிப்பு, மிதக்கும் சல்பீனியா, ஓரத்தில் நிற்கும் ஆள் எல்லாம் ஒரே கணத்துக்குரியவை என்று தெரியும். முதலை மட்டும் கூடுதல். கையெழுத்து உள்ள படத்தில் முதலை இல்லை, கையெழுத்து இல்லாததில் இருக்கிறது. மறுப்புச் செய்தியில் இரண்டையும் சேர்த்துப் போட்டு, மூலக்கோப்பின் இணைப்பைக் கொடுத்தால் போதும். அந்த மூலக்கோப்பு கையில் இல்லாவிட்டால் முதலைப் படத்தைப் பற்றிச் சான்று கொண்டு எதுவும் சொல்ல முடியாது. சான்று இல்லாத படம் எல்லாம் போலி என்ற முடிவுக்கு ஒருபோதும் போகாதீர்கள். அப்படிப் போனால் படுவான்கரையில் பழைய போனோடு இருக்கும் மனிதர் எடுக்கும் ஒவ்வொரு படமும் பொய்யாகிவிடும். வெள்ளத்தில் முதலில் அகப்படுவதும் அவர்தான்.

சான்று சரியாக இருந்தும் படம் ஏமாற்றும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கணினித் திரையில் பழைய படத்தைப் பெரிதாகத் திறந்துவைத்து, கையெழுத்திடும் போனால் அதைப் படம் எடுத்தால், போன் உண்மையாகவே கையெழுத்திடும். இன்று, இந்த நேரம், இந்தக் கருவி எடுத்தது என்பது பொய்யில்லை. எடுத்தது தாம்போதியை அல்ல, திரையை. சோனி தன் கமராக்களில் ஆழத் தகவலையும் பதிந்து இதைப் பிடிக்க முயல்கிறது. போனில் எடுத்ததென்றால் கண்தான் துணை. நூறு வீதத்துக்குப் பெருப்பித்து வானத்தையும் வெள்ளைச் சுவரையும் பாருங்கள், வளைந்த கோட்டு அலைகள் தெரிந்தால் அது திரை. அதைவிட உறுதியான வழி, எடுத்தவரிடம் இன்னும் இரண்டு கேட்பது: பத்து அடி தள்ளி நின்று எடுத்த இன்னொரு படம், நின்ற இடத்தில் சுற்றிக் காட்டும் பத்து வினாடி வீடியோ. தாம்போதியின் ஓரக் கட்டைகள் தண்ணீருக்கு மேல் எத்தனை தெரிகின்றன என்பது இரண்டிலும் ஒத்துவர வேண்டும்.

கருவிகளிலும் ஓட்டை வரும். நிக்கான் 2025இல் ஒரு கமராவுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, கையெழுத்தில்லாத படத்துக்கும் கையெழுத்து வாங்கலாம் என்று தெரியவந்ததும் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றிதழ்களையும் இரத்துச் செய்தது. பரிசோதித்து ஒரு மாதம் கழித்து எழுதுகிறீர்கள் என்றால் இன்னொரு தடவை பரிசோதியுங்கள்.

இனி வெளியிடும் பக்கம். வேர்ட்பிரஸ் தளத்தில் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை ஏற்றினால் அது `-scaled.jpg` என்று முடியும் சின்னப் பிரதியை உண்டாக்கி அதையே காட்டும். அந்தப் பிரதியில் மூலச்சான்று இராது. மூலக்கோப்பு சேவையகத்தில் இருக்கிறது, ஆனால் வாசகர் கண்ணில் படாது. படத்தின் கீழே "மூலக்கோப்பு" என்று ஒரு வரி போட்டு நேர் இணைப்பைக் கொடுங்கள். பேஸ்புக்கில் போட்டால் கோப்பு மறுபடி எழுதப்படும், ஆகவே அங்கேயும் அதே இணைப்பு. வெட்டிய, எழுத்துப் பதித்த படத்துக்குப் பரிசோதனைச் சான்றிதழால் கையெழுத்து வைத்துப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். வாசகர் பரிசோதித்தால் "நம்பிக்கையற்றது" என்று வரும், மூலப்படத்தின் மேலும் சந்தேகம் விழும்.

வெளியிடுவதற்கு முன் இடத்தகவலை நினைக்க வேண்டும். வெள்ளப் படத்தில் இடம் தெரிவது நல்லது. மண் அகழ்வையோ மேய்ச்சல் தரைத் தகராற்றையோ எடுத்த படத்தில் அந்த ஜிபிஎஸ் எண்கள் எடுத்தவரின் வீட்டு வாசலுக்கே வழி காட்டலாம். இங்கே ஒரு சிக்கல்: எண்களை நீக்கினால் கோப்பு மாறுகிறது, கையெழுத்து முறிகிறது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் கமராவில் இடப்பதிவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், அப்போது சான்றும் நிற்கும். எடுத்து முடிந்துவிட்டது என்றால் மூலக்கோப்பை உங்களிடம் பூட்டி வைத்து, தகவல் நீக்கிய பிரதியை மட்டும் வெளியிடுங்கள். எடுத்தவரின் பாதுகாப்பா சான்றா என்று வந்தால் சான்றை விட்டுவிடுங்கள்.

சான்று வைக்காத போன் உள்ளவர்களுக்குக் கார்டியன் புரொஜெக்ட் உருவாக்கிய புரூஃப்மோட் என்ற இலவசச் செயலி உண்டு. வெள்ளம் வருவதற்கு முன்பே நிறுவி, ஒரு படம் எடுத்துப் பழகிக்கொள்ள வேண்டும். பகிரும்போது அது படத்தோடு ஹாஷ் எண், அந்தப் போனின் கையெழுத்து, நேரம், இடம் முதலிய பதிவுகளை ஒரே ஸிப் கோப்பாகக் கட்டித் தரும். அந்த ஸிப்பை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள், உள்ளிருந்து படத்தை மட்டும் உருவி அனுப்பினால் பயனில்லை. கையெழுத்திடும் சாவி அந்தப் போனுக்குரியது, எந்தப் பட்டியலிலும் இராது. ஆகவே ஒருவரின் முதல் ஸிப் வந்தவுடன் அவரை அழைத்துப் பேசி, சாவி அவருடையதுதான் என்று உறுதிசெய்து குறித்துவையுங்கள். அடுத்த மாரியில் அதே சாவியில் வரும் படங்களை இலகுவாக அடையாளம் காணலாம்.

அதுவும் இல்லாத படம் வந்தால், வந்த கணத்திலேயே ஹாஷ் எடுத்துவையுங்கள். விண்டோஸில் இது போதும்:

```
certutil -hashfile IMG_0457.jpg SHA256
```

வரும் 64 எழுத்துகளை, வந்த திகதி, நேரம், அனுப்பியவர் யார் என்ற விபரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை அன்றைக்கே இன்னும் இரண்டு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதை இது காட்டாது. இந்தத் திகதிக்கு முன்பே அது இருந்தது என்பதை மட்டும் காட்டும். கிட்டங்கிக்கு அது போதுமானது. அடுத்த கார்த்திகையில் அதே படம் "இன்று காலை" என்று திரும்பி வந்தால், சுருங்கிய கோப்பின் ஹாஷ் ஒத்துவராது. காட்சியை வைத்துக் கோப்புறையில் தேடி மூலக்கோப்பை எடுக்க வேண்டும். ஆகவே மூலக்கோப்பின் பெயரை மாற்றாமல், அதை வைக்கும் கோப்புறைக்கு `2025-12-13_kittangi` என்று திகதியும் இடமும் சேர்த்துப் பெயரிட்டு வையுங்கள்.